டிஷ்வாஷர் அடியில் தண்ணீர் தேங்குகிறதா? மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் ஒரு பக்கெட்டை எடுங்கள்

பாத்திரம் கழுவி முடித்த டிஷ்வாஷரைத் திறந்தால் அடியில் அழுக்குத் தண்ணீர் நிற்கிறது என்றால், எல்லோரும் முதலில் சொல்வது "ஃபில்டரைக் கழுவுங்க" என்பதுதான். சரியான யோசனைதான். ஆனால் ஃபில்டர் பளிச்சென்று இருந்தும் தண்ணீர் நின்றால் அதற்குப் பிறகு என்ன செய்வது என்று யாரும் சொல்வதில்லை. என் மெஷினில் அப்படித்தான் நின்றது. கோளாறு மெஷினில் இல்லை என்று கண்டுபிடித்துக் கொடுத்தது ஒரு பக்கெட். அந்த வழியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில்: எந்தத் தண்ணீர் கோளாறு?

ஃபில்டரைக் கழற்றினால் அதன் கீழே ஒரு குழி இருக்கும். அந்தக் குழியில் கொஞ்சம் தண்ணீர் எப்போதும் இருக்கும், இருக்கவும் வேண்டும். உள்ளே இருக்கிற ரப்பர் சீல்கள் காயாமல் இருக்க அது உதவும். குழியைத் தாண்டி, மெஷினின் தரை வரைக்கும் தண்ணீர் ஏறி நின்றால்தான் கவலைப்பட வேண்டும்.

தண்ணீர் எப்போது வந்தது என்பதையும் கவனியுங்கள். கழுவி முடித்த உடனேயே நிற்கிறதென்றால் வெளியேறும் பாதையில் தடங்கல். முடித்தபோது காலியாக இருந்து, மறுநாள் சிங்க்கில் நிறையத் தண்ணீர் விட்ட பிறகு உள்ளே அழுக்குத் தண்ணீர் தெரிந்தால், சிங்க் தண்ணீர், மெஷினின் கழிவுநீர் வெளியேறும் ஹோஸ் வழியாகத் திரும்பி வருகிறது. மெஷினையும் ஓட்டவில்லை, சிங்க்கையும் பயன்படுத்தவில்லை, ஆனாலும் சுத்தமான தண்ணீர் மெல்ல மெல்லச் சேருகிறது என்றால் அது உள்ளே தண்ணீர் விடும் வால்வின் கசிவு. குழாயை மூடிவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். கீழே உள்ள எதுவும் உங்களுக்கு உதவாது.

நடுவில் கரண்ட் போயிருந்தாலோ, யாராவது பாதியில் நிறுத்தியிருந்தாலோ தண்ணீர் நிற்பது இயல்பு. அப்போது டிரெய்ன், அதாவது தண்ணீரை வெளியேற்றும் வேலையை மட்டும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பல மெஷின்களில் ஸ்டார்ட் பட்டனைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் ஓடுகிற புரோகிராம் ரத்தாகி, தண்ணீரை வெளியேற்றிவிட்டு நிற்கும். உங்கள் மெஷினுக்கு எந்த பட்டன் என்று கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். இனி வரும் சோதனைகளுக்கும் இது தேவைப்படும்.

தண்ணீரை எடுப்பதும் ஃபில்டரும்

பிளக்கைக் கழற்றிவிடுங்கள். ஸ்விட்சை அணைத்தால் போதாதா என்று கேட்காதீர்கள். கை போகிற இடத்தில் பம்ப் இருக்கிறது. இப்போதுதான் ஓடி முடித்த மெஷின் என்றால் ஆறவிடுங்கள். ஒரு டம்ளரால் மொண்டு, மீதியை ஸ்பாஞ்சால் ஒற்றி எடுங்கள். ஈரத்தை உறிஞ்சும் வாக்யூம் கிளீனர் வாங்கச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு ஸ்பாஞ்ச்தான் பிடிக்கும். கண்ணாடிச் சில்லோ விதையோ இருந்தால் கண்ணுக்குத் தெரியும். அதனால்தான் தடிமனான ரப்பர் கையுறை போட்டுக்கொள்ளச் சொல்கிறேன்.

ஃபில்டரைத் திருகிக் கழற்றி, வெந்நீரும் பழைய டூத்பிரஷும் கொண்டு தேய்த்துத் திரும்ப வையுங்கள். பூட்டிக்கொள்ளும் வரை திருகுங்கள். இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

காதைக் கொடுத்துக் கேளுங்கள்

பிளக்கை மாட்டி, உள்ளே 2 லிட்டர் சுத்தமான தண்ணீரை ஊற்றி, டிரெய்னை ஓட்டுங்கள். கதவுக்குக் கீழே காதை வைத்துக் கேளுங்கள்.

சத்தமே இல்லை என்றால் பம்புக்குக் கரண்ட் வரவில்லை, அல்லது பம்ப் போய்விட்டது. உறுமல் மட்டும் கேட்டு, தண்ணீர் அசையவே இல்லை என்றால் பம்பின் விசிறியில் ஏதோ சிக்கியிருக்கலாம், அல்லது பாதை முழுக்க அடைத்திருக்கலாம். தண்ணீர் இறங்குகிறது, ஆனால் பம்ப் நின்றதும் மறுபடி ஏறுகிறது என்றால், இந்தப் பதிவே உங்களுக்காகத்தான்.

திரும்பி வருகிற தண்ணீரின் அளவைப் பாருங்கள். ஒன்றரை மீட்டர் ஹோஸுக்குள் நிற்கும் தண்ணீர் ஏறக்குறைய அரை லிட்டர்தான். பம்ப் நின்றதும் அவ்வளவு மட்டும் திரும்பினால், ஹோஸில் இருக்கும் தண்ணீர் கீழே இறங்குகிறது. அதைத் தடுக்க வேண்டிய ஒருவழி வால்வு சரியாக மூடவில்லை. அதைவிட அதிகமாக வந்தால் சிங்க் பக்கத்திலிருந்து வருகிறது. என் மெஷினில் ஒரு லிட்டருக்கு மேலேயே திரும்பியது.

பக்கெட் சோதனை

சிங்க்குக்குக் கீழே பாருங்கள். டிஷ்வாஷரின் ஹோஸ், டிராப் என்று பிளம்பர்கள் சொல்கிற வளைகுழாயின் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன மூக்கில் மாட்டப்பட்டிருக்கும். அதை ஒரு கிளாம்ப் இறுக்கிப் பிடித்திருக்கும். பிளக்கைக் கழற்றிவிட்டு, கீழே துணி விரித்து, பக்கெட்டை வைத்து, கிளாம்பைத் தளர்த்தி ஹோஸை உருவுங்கள். ஹோஸில் நிற்கிற தண்ணீர் கொட்டும். பதற வேண்டாம்.

கிளாம்பின் ஸ்குரூவை ஸ்குரூ டிரைவரால் திருகலாம்தான். ஆனால் அந்த இருட்டு இடுக்கில் அது வழுக்கி வழுக்கி உயிரை வாங்கும். ஸ்குரூவின் தலை அறுகோணமாக இருந்தால், அதன் அளவுக்கேற்ற நட் டிரைவரைப் பயன்படுத்துங்கள். ஒரே பிடியில் திருகிவிடலாம்.

ஹோஸின் முனையைப் பக்கெட்டுக்குள் விட்டு, விளிம்போடு சேர்த்து டேப் ஒட்டுங்கள். ஒட்டாமல் விட்டால் பம்ப் ஓடும் வேகத்தில் ஹோஸ் துள்ளி வெளியே விழுந்து, அலமாரி முழுக்க நனையும். பக்கெட்டைத் தரையிலேயே வைக்காமல், பழைய இணைப்பு இருந்த உயரத்துக்கு ஏற்றி ஒரு ஸ்டூலில் வையுங்கள். தரையில் வைத்தால் பம்ப் ஓடாமலே தண்ணீர் தானாக வடிந்துவிடக்கூடும், பம்புக்குச் சக்தி இருக்கிறதா என்று தெரியாது.

பிளக்கை மாட்டி, மறுபடி 2 லிட்டர் ஊற்றி டிரெய்னை ஓட்டுங்கள். தண்ணீர் பீறிட்டுப் பக்கெட்டில் விழுந்தால் மெஷினுக்கு ஒன்றும் இல்லை. அடைப்பு சிங்க் பக்கம். சொட்டுச் சொட்டாக வந்தாலோ வராமலே போனாலோ கோளாறு ஹோஸில் அல்லது பம்பில்.

எனக்குப் பீறிட்டு விழுந்தது. அதற்குப் பிறகும் குழப்பம் தீரவில்லை. சிங்க்கில் தண்ணீர் விட்டால் தடையே இல்லாமல் போகிறதே, அப்புறம் எங்கே அடைப்பு? டார்ச் அடித்து அந்த மூக்குக்குள் பார்த்தபோதுதான் தெரிந்தது. உள்ளே எண்ணெய்ப் பிசுக்கு மெழுகு மாதிரி இறுகி, துவாரம் பென்சில் நுழையும் அளவுக்குச் சுருங்கியிருந்தது. சிங்க் தண்ணீர் நேர்க்குழாயில் இறங்கிவிடுகிறது. மூக்கு பக்கக் கிளை என்பதால் அது அடைத்திருப்பது சிங்க்கில் தெரியவே தெரியாது. டிஷ்வாஷரின் வெந்நீரில் கரைந்து வரும் கொழுப்பு, குளிர்ந்த டிராப்புக்கு வந்ததும் அங்கேயே உறைந்து படிந்துவிடுகிறது. "சிங்க் நன்றாகத்தான் போகிறது" என்று இந்த இடத்தைச் சோதிக்காமல் தாண்டிவிடாதீர்கள்.

மூக்கை ஒரு மரக்குச்சியால் சுரண்டி, பாட்டில் பிரஷால் தேய்த்து, வெந்நீர் ஊற்றுங்கள். ஹோஸின் கடைசி ஒரு சாண் நீளத்திலும் அதே பிசுக்கு இருக்கும், அதையும் பிரஷால் தேயுங்கள். அடைப்பைக் கரைக்கும் ரசாயனப் பொடிகளை இங்கே போடவே வேண்டாம் என்பது என் கட்சி. ஹோஸ் வழியாக அது மெஷினுக்குள் போனால் ரப்பர் பாகங்கள் கெடும், நீங்களோ மெக்கானிக்கோ அடுத்து கழற்றும்போது முகத்தில் தெறிக்கும்.

திரும்ப மாட்டும்போது ஹோஸை அலமாரியின் மேல்விளிம்பு வரை உயர்த்தி வளைத்துக் கட்டிவிட்டு, அங்கிருந்து இறக்கி மூக்கில் மாட்டுங்கள். வளைவின் உச்சி மூக்கைவிட உயரமாக இருந்தால்தான் சிங்க் தண்ணீர் திரும்பி வராது. எவ்வளவு உயரம் என்பதைக் கையேட்டில் பாருங்கள்; வரம்பைத் தாண்டி உயர்த்தினால் பம்ப் திணறும். ஹோஸ் எங்கேயும் மடிந்து நசுங்கக் கூடாது. மெஷினைப் பின்னுக்குத் தள்ளியபோது நசுங்கியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

பக்கெட்டில் தண்ணீர் வரவில்லை என்றால்

பிளக்கைக் கழற்றுங்கள். ஃபில்டர் குழியில் டார்ச் அடித்தால், பல மெஷின்களில் ஓரமாக ஒரு சின்ன பிளாஸ்டிக் மூடி தெரியும். ஸ்பூன் காம்பால் நெம்பினால் அல்லது ஸ்குரூவைக் கழற்றினால் வந்துவிடும். அதன் பின்னால்தான் பம்பின் விசிறி. மூடி தெரியாத மெஷின் என்றால் அடிப்பாகத்தைப் பிரிக்க வேண்டியிருக்கும், அதை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

விசிறியைக் குச்சியால் சுற்றிப் பாருங்கள், விரல் வேண்டாம். அது வழுவழுவென்று சுற்றாது, தடக் தடக்கென்று விட்டுவிட்டுத்தான் நகரும். உள்ளே காந்தம் இருப்பதால் அப்படி. சிக்கியிருக்கிறது என்று நினைத்து அழுத்திவிடாதீர்கள். நகரவே இல்லை என்றால்தான் சிக்கல். கண்ணாடிச் சில்லு, பல்குச்சி, பாட்டில் லேபிள் இவைதான் வழக்கமான குற்றவாளிகள். எடுத்த பிறகு மூடியை 'டிக்' சத்தம் வரும் வரை அழுத்துங்கள். அது சரியாக உட்காராவிட்டாலும் பம்ப் தண்ணீரைத் தள்ளாது.

விசிறி சரி, ஹோஸும் சரி, ஆனாலும் உறுமலோ மௌனமோதான் என்றால் பம்பை மாற்ற வேண்டிவரலாம். மெக்கானிக்கிடம் பக்கெட் சோதனையின் முடிவைச் சொல்லுங்கள். ஃபில்டரைக் கழுவிக் காட்டிவிட்டுப் பணம் வாங்கிப் போக மாட்டார்.

சேர்க்கை 1: புதிதாக மாட்டிய மெஷினில் முதல் நாளிலிருந்தே தண்ணீர் நிற்கிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். டிராப்பின் மூக்கு புதிதாக வரும்போது மூடியோ, மெல்லிய பிளாஸ்டிக் சவ்வோ கொண்டு அடைத்தே வரும். உணவுக் கழிவை அரைக்கும் இயந்திரத்தில் மாட்டினால் அதன் துளைக்குள்ளும் ஓர் அடைப்பு இருக்கும். அதை எடுக்காமல் ஹோஸை மாட்டியிருந்தால் ஒரு சொட்டுகூடப் போகாது. அவருக்கு அதுதான்.

சேர்க்கை 2: தண்ணீரோடு நுரையும் நிற்கிறது என்று இன்னொருவர். கையால் பாத்திரம் தேய்க்கும் லிக்விடை யாரோ உள்ளே ஊற்றியிருக்கிறார்கள். பம்ப் தண்ணீரைத் தள்ளும், நுரையைத் தள்ளாது. நுரையை அள்ளி எடுத்துவிட்டு, குளிர்ந்த தண்ணீர் ஊற்றி டிரெய்ன் ஓட்டுவதை நுரை தீரும் வரை செய்யுங்கள்.

சேர்க்கை 3: மெஷினை அணைத்த பிறகும் பம்ப் நிற்காமல் ஓடுகிறது என்றால் மேலே சொன்ன எதையும் செய்யாதீர்கள். மெஷினுக்கு அடியில் உள்ள தட்டில் கசிந்த தண்ணீர் சேர்ந்து, அங்கிருக்கும் மிதவை ஸ்விட்சைத் தூக்கியிருக்கும். தண்ணீர்க் குழாயை மூடுங்கள், பிளக்கைக் கழற்றுங்கள். கசிவு எங்கே என்று பார்ப்பது மெக்கானிக்கின் வேலை.