நெஞ்செரிவும் மலச்சிக்கலும்: அலுமாரிக்குள் கிடக்கும் இரும்புக் குளிசைகள்

கர்ப்பத்தின் ஏழாம் மாதக் கிளினிக்கில் ஹீமோகுளோபின் 11க்குக் கீழே இறங்கியிருந்தால், மருத்துவமாது கேட்கும் முதல் கேள்வி, "குளிசையை ஒழுங்காகக் குடிக்கிறீர்களா?" என்பதுதான். பலர் தலையாட்டுவார்கள். குளிசைகளோ வீட்டு அலுமாரிக்குள் அப்படியே கிடக்கும். காரணம் கேட்டால், அதைக் குடித்தால் நெஞ்சு எரிகிறது, மலம் இறுகிப் போகிறது என்பார்கள். அவர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் யாரிடமும் சொல்லாமல் குளிசையை நிறுத்துவதுதான் இந்த விடயத்தில் நான் காணும் மிகப் பெரிய தவறு.

உடலுக்குள் நடப்பது இதுதான். கர்ப்பகாலத்தில் அதிகம் சுரக்கும் புரோஜெஸ்தரோன் கருப்பைத் தசையைத் தளர்த்தி வைக்கிறது. அந்தத் தளர்ச்சி கருப்பையோடு நிற்பதில்லை. உணவுக்குழாயின் அடியில் இருக்கும் தசை வளையமும் இளகுவதால் இரைப்பையின் அமிலம் மேலே ஏறுகிறது. குடலின் அசைவும் மந்தமாகிறது. உணவு அங்கே நெடுநேரம் தங்குவதால் பெருங்குடல் தண்ணீரைக் கூடுதலாக உறிஞ்சிக்கொள்ள, மலம் வறண்டு கட்டியாகிறது. கடைசி மூன்று மாதங்களில் வளர்ந்த கருப்பை இரைப்பையை மேல்நோக்கித் தள்ளுவதும் சேர்ந்துகொள்ளும். ஆகவே குளிசை குடிக்காதவர்களுக்கும் இரண்டும் வரும். இரும்பு அதைக் கொஞ்சம் கூட்டிவிடுகிறது, அவ்வளவுதான். அது மலத்தைக் கறுப்பாக்குவதும் இயல்பே.

சிலருடைய பழக்கங்களை ஒருத்தியில் சேர்த்துச் சொல்கிறேன். வெள்ளவத்தையில் வீடு, கோட்டையில் அலுவலகம், இப்போது முப்பதாவது வாரம். காலையில் இரண்டு துண்டு வெள்ளைப் பாண், கொஞ்சம் சம்பல், ஒரு கோப்பை பால் தேநீர். அந்தத் தேநீரோடு இரும்பு, கல்சியம் எல்லாவற்றையும் ஒரே கையளவாக விழுங்கிவிட்டு ரயிலுக்கு ஓடுகிறாள். அலுவலகக் கழிப்பறை பிடிக்காததால் மாலைவரை தண்ணீரைத் தொடுவதில்லை. இரவு ஒன்பதரைக்குக் கொத்து ரொட்டி, பத்து மணிக்குப் படுக்கை, பதினொன்றுக்கு நெஞ்செரிவு. எழுந்து, தண்ணீரில் போட்டால் நுரைத்துப் பொங்கும் உப்புத்தூளைக் கரைத்துக் குடிக்கிறாள்.

இவளுடைய காலைக் கையளவில் இரண்டு நட்டங்கள் இருக்கின்றன. தேயிலையில் உள்ள பொலிபீனோல்கள் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கல்சியமும் இரும்பை உடலில் சேரவிடாது. ஆகவே வயிற்றுத் தொல்லை மட்டும் மிஞ்சுகிறது, இரத்தம் ஊறுவதில்லை. இரும்பையும் கல்சியத்தையும் குறைந்தது இரண்டு மணிநேர இடைவெளியில் குடிக்க வேண்டும். தேநீரை இரும்புக்கு ஒரு மணிநேரம் முன்போ பின்போ வைத்துக்கொள்ளலாம். கிளினிக்கில் தரும் வைட்டமின் சி குளிசையோ, கொஞ்சம் தேசிக்காய்த் தண்ணீரோ இரும்போடு சேர்ந்தால் நல்லது. நெஞ்செரிவு கடுமையாக இருப்பவர்கள் தேசிக்காயைத் தவிர்த்துக் குளிசையை மட்டும் எடுக்கட்டும். வெறும் வயிற்றில் இரும்பு நன்றாக உறிஞ்சப்படும் என்பது சரிதான். ஆனால் குமட்டினால் சிறிதளவு உணவுக்குப் பின் குடியுங்கள். கொஞ்சம் குறைவாக உறிஞ்சப்பட்டாலும், அலுமாரியில் கிடக்கும் குளிசையைவிட அது மேல்.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. இரும்புக் குளிசையை ஒரு மிடறு தண்ணீரோடு விழுங்கி உடனே படுத்தால், அது உணவுக்குழாயில் ஒட்டி அந்த இடத்தையே புண்ணாக்கலாம். நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு முழுக் குவளைத் தண்ணீரோடு குடித்து, அரை மணிநேரமாவது படுக்காமல் இருங்கள். அப்படியும் தாங்க முடியாவிட்டால் மருத்துவமாதுவிடமோ வைத்தியரிடமோ சொல்லுங்கள். வேறு வகை இரும்புக்கு மாற்றவோ, குடிக்கும் முறையை மாற்றவோ அவர்களுக்கு வழி இருக்கிறது.

இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையே இரண்டு மூன்று மணிநேரம் வேண்டும். ஏழரைக்கு இடியப்பமும் பருப்பும் கொஞ்சமாகச் சாப்பிட்டுவிட்டால் பிரச்சினை பாதியாகும். வேலை முடிந்து வரவே எட்டாகிறது என்றால், மாலையில் ஐந்து மணிக்குக் கனமான உணவை முடித்துக்கொண்டு இரவுக்குச் சிறிதளவு உண்ணலாம். அந்த ஐந்து மணி உணவாகப் பொரித்த ரோல்ஸைக் கொள்ள வேண்டாம். கொழுப்பு இரைப்பையில் நெடுநேரம் நிற்கும். மிளகாயை எல்லோரும் அடியோடு விடத் தேவையில்லை, எரிப்பது எது என்று உங்கள் நெஞ்சே சொல்லும். தலையணைகளை அடுக்கிப் படுத்தால் வயிறு மடங்கி நிலைமை மோசமாகும். கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் மரக்கட்டை வைத்து 15 முதல் 20 சென்ரிமீற்றர் உயர்த்துங்கள். இடப்பக்கமாகப் படுங்கள்.

அந்த நுரைக்கும் உப்புத்தூளில் இருப்பது சோடியம் பைகாபனேற்று. எப்போதோ ஒரு தடவை தவறிக் குடித்ததற்காகப் பயப்பட வேண்டாம், ஆனால் கர்ப்பத்தில் அது வழக்கமான மருந்தாகக் கூடாது. உப்பும் நீரும் உடலில் தேங்கும். கல்சியம் காபனேற்று, அல்ஜினேற்று போன்றவற்றை வைத்தியர் பார்த்துத் தருவார். அமிலத்தைத் தணிக்கும் மருந்துகளும் இரும்பின் உறிஞ்சலைக் குறைக்கும் என்பதால் அங்கேயும் இரண்டு மணிநேர இடைவெளி வேண்டும்.

மலச்சிக்கலுக்கு வருவோம். வீட்டில் ஒரு பெரியம்மா ஆமணக்கெண்ணெயை நினைவூட்டாமல் இருக்கமாட்டார். மரியாதையோடு மறுத்துவிடுங்கள், அது கருப்பையையும் தூண்டக்கூடியது. நிலவாகை போன்ற பேதி மூலிகைகளையும் சொந்தப் பொறுப்பில் எடுக்க வேண்டாம். நார்ச்சத்து நாளுக்கு 25 முதல் 30 கிராம் தேவை. வெள்ளைப் பாண் ஒரு துண்டில் ஒரு கிராம் அளவுக்குக்கூட இல்லாதபோது, கெட்டியாக வேகவைத்த மைசூர்ப் பருப்பு அரைக் கோப்பையில் அதைவிடப் பல மடங்கு கிடைக்கிறது. காலைப் பாணோடு பருப்பு, மதியம் சிவப்பரிசிச் சோறும் ஒரு கீரையும், மாலையில் அவித்த கடலை. இவ்வளவே பெரிய மாற்றம். வல்லாரைச் சம்பல் செய்வதென்றால் இலைகளை நன்றாகக் கழுவ வேண்டும், முடிந்தால் இலேசாக வதக்குவது இன்னும் பாதுகாப்பு. பப்பாசியைப் பார்த்து நடுங்கத் தேவையில்லை. பால் கசியும் காயையும் அரைப்பழத்தையும் விட்டுவிட்டு, நன்றாகப் பழுத்ததைச் சாப்பிடலாம்.

தண்ணீர் கூட்டாமல் நார்ச்சத்தை மட்டும் கூட்டினால் வயிறு ஊதி, மலம் இன்னும் இறுகும். நார்ச்சத்தை ஒரே நாளில் ஏற்றாமல் ஒரு வாரத்தில் மெதுவாக ஏற்றுங்கள், தண்ணீரை எட்டுப் பத்துக் குவளைக்குக் கொண்டுவாருங்கள். கொழும்பின் புழுக்கத்தில் அதற்கு மேலும் தேவைப்படும். வெள்ளவத்தைப் பெண் அலுவலகக் கழிப்பறைக்கு அஞ்சித் தண்ணீரைக் குறைப்பதால் சிறுநீர்த் தொற்றையும் சேர்த்து அழைக்கிறாள். காலை உணவு வயிற்றில் விழுந்ததும் குடல் தானாக அசையும், மலம் கழிக்க அதுவே தோதான வேளை. ரயிலுக்காக அந்த உணர்வை அடக்காமல் இருபது நிமிடம் முன்னதாக எழுவது எந்த மருந்தையும்விட மேல். கொமட்டில் உட்காரும்போது கால்களைச் சிறிய பலகையில் உயர்த்தி வைத்தால் முக்க வேண்டியிராது. இத்தனைக்கும் பிறகு அடைத்தால் லக்டுலோஸ் போன்ற மருந்தை வைத்தியர் எழுதித் தருவார்.

கடைசித் தவறு, எல்லாவற்றையும் நெஞ்செரிவு என்று நினைப்பது. இருபதாம் வாரத்துக்குப் பின் நெஞ்சுக்குழியிலோ வலது விலாவின் கீழோ கடுமையாக வலித்து, கூடவே விடாத தலைவலி, கண் மங்கல், முகத்திலோ கையிலோ திடீர் வீக்கம் ஆகியவற்றில் ஏதேனும் வந்தால் அது இரத்த அழுத்தம் தொடர்பான பிரிஎக்லாம்ப்சியாவாக இருக்கக்கூடும். விடியட்டும் என்று காத்திராமல் அந்நேரமே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள், கர்ப்பிணிப் பதிவு அட்டையையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். மலத்தில் இரத்தம் கண்டால் மூலமாக இருக்கலாம், ஆனாலும் காட்டியே ஆகவேண்டும். வாந்தியில் இரத்தம், விழுங்கும்போது வலி, வயிற்று வலியோடு பல நாள் மலம் போகாமை ஆகியவையும் வீட்டு வைத்தியத்துக்கு உரியவை அல்ல.