கண்ணாடி வாங்கும்போது செய்யும் தவறுகள்: ஃப்ரேம் அளவு, லென்ஸ் தடிமன், கோட்டிங் கட்டணம்

பவர் கொஞ்சம் கூடுதலாக இருப்பவர்கள் கண்ணாடிக் கடையில் முதலில் பிடித்த ஃப்ரேமை எடுத்துவிடுகிறார்கள். பிறகுதான் "லென்ஸ் தடியாகத் தெரியக் கூடாது" என்கிறார்கள். உடனே இண்டெக்ஸ் 1.67, 1.74 என்று விலை ஏறிக்கொண்டே போகும் பட்டியல் முன்னால் வருகிறது. இண்டெக்ஸ் என்பது லென்ஸ் பொருள் ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்பதைக் காட்டும் எண், அது கூடினால் லென்ஸ் மெலியும். ஆனால் தடிமனில் பெரும்பகுதி ஃப்ரேமைத் தேர்ந்தெடுத்த அந்த நிமிடத்திலேயே முடிவாகிவிட்டது. அதன் பிறகு கொடுக்கும் பணம், ஃப்ரேம் கூட்டிவிட்ட தடிமனைக் குறைப்பதற்கே போகிறது.

மைனஸ் பவர் லென்ஸ் நடுவில் மெலிந்தும் ஓரத்தில் தடித்தும் இருக்கும். ஓரம் எவ்வளவு தடிக்கும் என்பதை ஏறத்தாழக் கணக்கிட இந்தச் சூத்திரம் போதும்:

```
ஓரத் தடிமன் = நடுத் தடிமன் + (பவர் × தூரம் × தூரம்) ÷ (2000 × (இண்டெக்ஸ் − 1))
```

பவரை மைனஸ் குறி இல்லாமல் போடுங்கள். தூரம் என்பது லென்ஸின் ஒளி மையத்திலிருந்து ஓரம் வரை உள்ள மில்லிமீட்டர். தூரம் இரண்டு முறை பெருக்கப்படுவதைக் கவனியுங்கள். பவர் உங்கள் கையில் இல்லை. இண்டெக்ஸைக் கூட்டப் பணம் வேண்டும். தூரத்தைக் குறைக்க ஒரு செலவும் இல்லை, சின்ன ஃப்ரேம் எடுத்தால் போதும்.

ஃப்ரேமின் எண்களைப் பார்க்காமல் எடுப்பது

ஃப்ரேமின் கையின் உட்புறத்தில் 54□18 140 என்பதுபோல எண்கள் அச்சிட்டிருக்கும். முதல் எண் ஒரு லென்ஸின் அகலம், அடுத்தது மூக்குப் பாலத்தின் அகலம், கடைசி எண் கையின் நீளம். முதல் இரண்டையும் கூட்டினால் ஃப்ரேமின் இரண்டு லென்ஸ் மையங்களுக்கு இடையேயான தூரம் கிடைக்கும். இதை உங்கள் பி.டி.யோடு, அதாவது இரண்டு கண்மணிகளின் மையங்களுக்கு இடையேயான தூரத்தோடு, ஒப்பிட வேண்டும்.

இரண்டு கண்ணிலும் மைனஸ் 5.00 பவர், பி.டி. 62 மி.மீ. உள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் 54□18 ஃப்ரேமை எடுக்கிறார். 54-ம் 18-ம் சேர்ந்தால் 72, பி.டி.யைவிட 10 அதிகம். கண்மணிக்கு நேராக ஒளி மையம் வர வேண்டுமென்றால் ஒவ்வொரு லென்ஸிலும் மையத்தை 5 மி.மீ. மூக்குப் பக்கம் தள்ள வேண்டும். அப்படித் தள்ளினால் காதுப் பக்க ஓரம் 27-ம் 5-ம் சேர்ந்து 32 மி.மீ. தொலைவுக்குப் போய்விடும். நடுத் தடிமனை 1.50-க்கு 2.0, 1.60-க்கு 1.5, 1.67-க்கு 1.3, 1.74-க்கு 1.2 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். சாதாரண 1.50 பிளாஸ்டிக்கில் அந்த ஓரம் சுமார் 7.1 மி.மீ. தடிக்கும். 1.60-ல் 5.8, 1.67-ல் 5.1, 1.74-ல் 4.7.

அதே ஆள் 47□19 ஃப்ரேமை எடுத்தால் கூட்டுத்தொகை 66. மையம் 2 மி.மீ. மட்டும் நகர்ந்தால் போதும், ஓரம் 25.5 மி.மீ. தூரத்தில் நிற்கும். இப்போது 1.50-லேயே 5.3 மி.மீ.தான். பெரிய ஃப்ரேமில் 1.67 போட்டுக் கிடைத்த தடிமனுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. சின்ன ஃப்ரேமில் 1.60 போட்டால் 4.2 மி.மீ., பெரிய ஃப்ரேமில் 1.74 போட்டதைவிட மெல்லியது.

முன் வளைவையும் நடுத் தடிமனையும் பொறுத்து இந்த எண்கள் சற்றே மாறலாம். சதுரமான ஃப்ரேமில் காதுப் பக்கக் கீழ் மூலை இன்னும் தூரத்தில் இருப்பதால் அங்கே கூடுதலாகத் தடிக்கும், வட்டமான ஃப்ரேமில் அந்த மூலையே இல்லை. ஆகவே மைனஸ் 4-க்கு மேல் பவர் உள்ளவர்கள் பி.டி.யை அளந்து தெரிந்துகொண்டு, கூட்டுத்தொகை அதற்கு நெருக்கமாக வரும் ஃப்ரேம்களிலிருந்து தேடத் தொடங்குவது நல்லது. தடித்த பிளாஸ்டிக் விளிம்பு இருந்தால் ஓரத்தில் ஓரிரு மில்லிமீட்டர் உள்ளேயே மறையும். மெல்லிய உலோக விளிம்பில் எல்லாம் வெளியே தெரியும்.

எவ்வளவு மெலிகிறது என்று கேட்காமல் இண்டெக்ஸை ஏற்றுவது

மேலே உள்ள பெரிய ஃப்ரேமையே மறுபடி பாருங்கள். 1.50-லிருந்து 1.60-க்குப் போனால் 1.3 மி.மீ. குறைகிறது. அங்கிருந்து 1.67-க்கு 0.7, அடுத்து 1.74-க்கு வெறும் 0.4. மெலிவு படிக்குப் படி சுருங்குகிறது, விலையோ மேலே போகப் போகப் பெரிய தாவலாகத் தாவும். எனவே இரண்டு லென்ஸுக்கும் உள்ள விலை வித்தியாசத்தை, குறையும் மில்லிமீட்டரால் வகுத்துப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டருக்கு எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்பது கண்முன் நிற்கும். பெரும்பாலானோருக்கு 1.60-ஓடு நிறுத்துவதே நியாயமான இடம். மைனஸ் 1.50 போன்ற சின்னப் பவருக்கு அந்த 47□19 ஃப்ரேமில் 1.50 லென்ஸே 3 மி.மீ. அளவில்தான் இருக்கும், அங்கே 1.67 வாங்குவது வீண்.

இன்னொன்றையும் கணக்கில் வையுங்கள். இண்டெக்ஸ் கூடும்போது லென்ஸ் நிறங்களைப் பிரிப்பதும் பெரும்பாலும் கூடுகிறது. இதை அளக்கும் ஆபே எண் 1.50 பிளாஸ்டிக்கில் 58, 1.60-ல் 41 அளவில், 1.67-லும் 1.74-லும் 32, 33 அளவில்தான். எண் குறையக் குறைய, ஓரக்கண்ணால் பார்க்கும்போது வெள்ளை எழுத்தின் விளிம்பில் நீலமும் மஞ்சளுமாகச் சாயம் தெரியும். பவர் அதிகமானால் இது கூடும். பலர் பழகிவிடுகிறார்கள், சிலருக்குக் கடைசிவரை உறுத்தும்.

பாலிகார்பனேட்டை மெல்லிய லென்ஸ் என்று சொல்லி விற்பதும் உண்டு. அதன் இண்டெக்ஸ் 1.59, அதாவது 1.60-க்குச் சமம்தான், ஆபே எண்ணோ 30. அதன் உண்மையான பலம் அடி தாங்குவது. குழந்தைகளுக்கும் விளையாடுபவர்களுக்கும் அதைத்தான் கேட்க வேண்டும். துளை போட்டு மாட்டும் ரிம்லெஸ் ஃப்ரேமுக்கும் அது பொருந்தும், 1.50 பிளாஸ்டிக் துளையோரத்தில் விரிசல் விடும்.

பிளஸ் பவருக்குக் கதை வேறு. அங்கே தடிப்பது நடுப்பகுதி. கடையில் தயாராக இருக்கும் ஸ்டாக் லென்ஸ் ஒரு நிலையான விட்டத்தில் வரும், அதைச் சின்ன ஃப்ரேமுக்கு வெட்டினாலும் நடுத் தடிமன் குறையாது. பிளஸ் 5.00 பவரில் 65 மி.மீ. விட்டமுள்ள 1.50 லென்ஸ் நடுவில் சுமார் 6.3 மி.மீ. இருக்கும். அதே பொருளில், அந்த 47□19 ஃப்ரேமின் அளவைக் கொடுத்து ஆர்டர் செய்தால் 4.3 மி.மீ.க்கு இறங்கும். பிளஸ் பவர்காரர்கள் இண்டெக்ஸை ஏற்றும் முன் "ஃப்ரேம் அளவுக்குச் செய்து தருவீர்களா?" என்றுதான் கேட்க வேண்டும்.

கோட்டிங்குக்கு இருமுறை பணம் கொடுப்பது

பில்லில் பிரதிபலிப்பைக் குறைக்கும் ஏ.ஆர். கோட்டிங், கீறல் தடுப்பு, புறஊதாப் பாதுகாப்பு, நீர் ஒட்டாத கோட்டிங் என்று நாலு வரி தனித்தனியாக இருந்தால் அங்கேயே நிறுத்திக் கேளுங்கள். பிளாஸ்டிக் லென்ஸுக்கான இன்றைய ஏ.ஆர். கோட்டிங் ஓர் அடுக்கு அல்ல. கீழே கீறல் தாங்கும் கடினப் பூச்சு, அதன்மேல் பிரதிபலிப்பைக் குறைக்கும் அடுக்குகள், உச்சியில் நீரும் எண்ணெய்ப் பிசுக்கும் ஒட்டாத பூச்சு என்று ஒரே தொகுப்பாகவே பெரும்பாலும் வருகிறது. ஏ.ஆர். அடுக்குகள் வெற்றிட அறையில் பூசப்படுபவை, கடையில் வைத்துச் செய்யும் வேலை இல்லை. ஸ்டாக் லென்ஸ் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே கோட்டிங்கோடுதான் வருகிறது.

புறஊதாப் பாதுகாப்புக்கு 1.60-லும் அதற்கு மேலும், பாலிகார்பனேட்டிலும் தனிக்கட்டணம் தேவையில்லை. அந்தப் பொருள்களே புறஊதாக் கதிரைத் தடுத்துவிடும். சாதாரண 1.50-ல் மட்டும் அந்தப் பாதுகாப்பு எதுவரை இருக்கிறது என்று கேட்பதில் பொருள் உண்டு.

ஏ.ஆர்.-ஐ வேண்டாம் என்று சொல்லிப் பணத்தை மிச்சப்படுத்துவது எதிர்ப்பக்கத் தவறு, அதுவும் உயர் இண்டெக்ஸில். பூச்சில்லாத 1.50 லென்ஸ் இரு முகங்களிலும் சேர்த்து 8 சதவீத ஒளியைத் திருப்பிவிடும், 1.67 லென்ஸ் சுமார் 12 சதவீதம். இரவில் வண்டி ஓட்டுகையில் எதிர்விளக்கின் நிழல் பிம்பம் தெரிவது இதனால்தான். மலிவு கோட்டிங்குக்கும் விலை கூடிய கோட்டிங்குக்கும் வித்தியாசம் பெரும்பாலும் உச்சிப் பூச்சில் இருக்கும்: எவ்வளவு எளிதாகத் துடைபடுகிறது, எத்தனை காலம் தாங்குகிறது என்பதே. கோட்டிங்குக்கு எவ்வளவு கால உத்தரவாதம் என்று எழுதி வாங்குங்கள்.

நீல ஒளியைத் தடுக்கும் கோட்டிங்குக்குக் கூடுதல் பணம் கொடுப்பவர்கள், கணினி முன் கண் சோர்வு குறையும் என்று நம்பித்தான் கொடுக்கிறார்கள். 2023-ல் மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 17 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, சாதாரண லென்ஸோடு ஒப்பிட்டால் குறுகிய காலத்தில் கண் சோர்வு குறைவதாகத் தெரியவில்லை. அந்தப் பணத்தை நல்ல உச்சிப் பூச்சுக்குப் போடலாம்.

விலை கேட்கும் விதம்

"மொத்தம் எவ்வளவு?" என்று கேட்டால் இரண்டு கடைகளை ஒப்பிடவே முடியாது. ஃப்ரேம், லென்ஸ் ஜோடி, கோட்டிங், பொருத்தும் கூலி என்று பிரித்துக் கேளுங்கள். லென்ஸ் வரியில் இண்டெக்ஸ், கோட்டிங்கின் பெயர், ஸ்டாக்கா ஆர்டரா என்பது மூன்றும் எழுதியிருக்க வேண்டும். சிதறல் பார்வையைச் சரிசெய்யும் சிலிண்டர் பவர் 2.00-ஐத் தாண்டினால் பெரும்பாலும் ஸ்டாக்கில் கிடைக்காது, ஆர்டர் விலை கூடுதலாக இருப்பது நியாயம். சிலிண்டர் இல்லாமல் சின்னப் பவருக்கும் ஆர்டர் விலை சொன்னால் காரணம் கேட்கலாம்.

வாங்கும் நாளில் பார்க்காமல் எடுத்துவருவது

கண்ணாடியை டியூப் லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பிடியுங்கள். லென்ஸில் தெரியும் விளக்கு வெள்ளையாகப் பளிச்சென்று இருந்தால் ஏ.ஆர். இல்லை. மங்கிய பச்சையாகவோ நீலமாகவோ தெரிந்தால் இருக்கிறது. இரண்டு முகங்களிலும் பாருங்கள், இரண்டு லென்ஸிலும் ஒரே நிறம் வர வேண்டும். ஒரு துளி நீர் விட்டால் பரவாமல் உருண்டு நிற்க வேண்டும். காதுப் பக்க ஓரத்தை ஸ்கேலால் அளந்து முதலில் போட்ட கணக்கோடு ஒப்பிடுங்கள். 1.67-க்குப் பணம் கொடுத்து, ஓரம் 1.50 கணக்குக்கு ஒத்துவந்தால், லென்ஸ் வந்த உறையைக் காட்டச் சொல்லுங்கள். இண்டெக்ஸும் பவரும் அதில் அச்சாகியிருக்கும்.

பவரையும் ஒளி மையங்களின் இடைவெளியையும், லென்ஸை அளக்கும் கருவியான லென்சோமீட்டரில் வைத்துக் காட்டச் சொல்லலாம். மைனஸ் 5.00 பவரில் இடைவெளி 62-க்குப் பதில் 66 என்று வந்தால், கண்களுக்கு இடையே 2 பிரிசம் அளவு இழுப்பு உண்டாகும். தலைவலிக்கு அதுவே போதும், "போட்டுப் பழகுங்கள்" என்ற பதிலை ஏற்காமல் மாற்றிக் கேளுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு கோட்டிங்கைக் கெடுப்பது பெரும்பாலும் சூடுதான். வெயிலில் நிற்கும் காரின் டேஷ்போர்டில் வைத்தாலும், வெந்நீரில் கழுவினாலும் பிளாஸ்டிக் விரியும், மேலுள்ள பூச்சு அந்த அளவு விரியாமல் வலைபோல வெடிக்கும். வெடித்த கோட்டிங்கைச் சரிசெய்ய வழியில்லை, லென்ஸையே மாற்ற வேண்டும்.