விலை கூடிய ரப்பர் எல்லா இடத்துக்கும் ஆகாது: ஓ ரிங், சீல் மாற்றும்போது நடக்கும் தவறுகள்

பாலியஸ்டர் துணிக்குச் சாயம் ஏற்றும் மெஷினில், சாயத்தண்ணீரைத் துணியோடு சேர்த்துச் சுற்ற வைக்க ஒரு பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும். உள்ளே 130 டிகிரி. அந்தச் சூட்டிலும் தண்ணீர் தண்ணீராகவே இருக்கவேண்டும் என்பதால் மெஷின் அழுத்தத்தில்தான் ஓடும். பம்பின் ஷாஃப்ட் வழியாக அந்தத் தண்ணீர் வெளியே வராமல் காப்பது மெக்கானிக்கல் சீல். அதற்குள் ஷாஃப்டைக் கட்டிக்கொண்டு ஒரு கறுப்பு ரப்பர் வளையம், அதாவது ஓ ரிங், இருக்கும். இரண்டு விரலில் பிடித்துத் தூக்கிவிடலாம், அவ்வளவு சின்னது.

நான் பராமரிப்பில் சேர்ந்த புதிதில், ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியிருந்த இப்படி ஒரு ஓ ரிங்கை மாற்றவேண்டி வந்தது. பழையது என்ன ரப்பர் என்று நான் பார்க்கவில்லை. கடையில் போய், “சூட்டுக்குத் தாங்குற மாதிரி நல்லதா குடுங்கண்ணே” என்றேன். அவர் விட்டான் எடுத்துக் கொடுத்தார். பழையதைப் போலப் பல மடங்கு விலை. இரண்டாவது மாசமே ஒழுக ஆரம்பித்துவிட்டது. கழற்றிப் பார்த்தால் மேல்தோலில் சின்னச் சின்னக் கொப்புளம். விரலால் வளைத்தால் வெடிப்பு விடுகிறது. ஒரு பக்கம் சப்பையாகிப் பழைய உருண்டைக்குத் திரும்பவே இல்லை.

கடைக்காரர் மேல் தப்பில்லை, ரப்பர் மேலும் தப்பில்லை. நான் கேட்ட கேள்விதான் தப்பு. எவ்வளவு சூடு என்று சொன்னேனே தவிர, எதில் சூடு என்று சொல்லவில்லை.

விட்டான் என்று நாம் கடையில் சொல்வது ஃப்ளூரோகார்பன் ரப்பரை. விட்டான் என்பது அதற்கு ஒரு கம்பெனி வைத்த வியாபாரப் பெயர். கேட்லாக்கில் அதற்கு 200 டிகிரி என்று போட்டிருக்கும். அந்த 200 வறண்ட காற்றுக்கும் எண்ணெய்க்கும் உள்ள கணக்கு. கொதிநீருக்கும் நீராவிக்கும் அந்த எண் பொருந்தாது. சாதாரண ஃப்ளூரோகார்பன் ரப்பரைப் பதப்படுத்த மெக்னீசியம் ஆக்சைடு, கால்சியம் ஹைட்ராக்சைடு போன்றவற்றைச் சேர்ப்பார்கள். கொதிநீர் மெல்ல உள்ளே இறங்கி அவற்றோடு வினைபுரிய, கொப்புளம் தட்டுகிறது. பெராக்சைடில் பதப்படுத்திய வகை இதில் கொஞ்சம் தேவலை. ஆனால் கேட்டு வாங்கினால்தான் அது கிடைக்கும்.

எங்கள் மெஷினில் இன்னொரு எதிரியும் இருந்தது. சாயம் ஏறிய பிறகு ஒட்டாமல் நிற்கும் சாயத்தைக் கழுவ, காஸ்டிக் சோடாவும் ஹைட்ரோஸும் போட்டு 70, 80 டிகிரியில் ஓட்டுவோம். சூடான காரம் ஃப்ளூரோகார்பன் ரப்பரின் சங்கிலியிலிருந்தே ஃப்ளூரினைப் பிடுங்கி எடுத்துவிடும். அப்புறம் அது இறுகி வெடிக்கத்தான் செய்யும். பாய்லர் தண்ணீரில் அமீன் மருந்து கலக்கிற இடங்களிலும் இதே கதைதான்.

அந்த இடத்துக்கு உரியது இபிடிஎம் என்ற ரப்பர். சூடான தண்ணீர், நீராவி, காஸ்டிக், அசிட்டிக் ஆசிட் எதற்கும் அது அசராது. பெராக்சைடில் பதப்படுத்திய இபிடிஎம் என்றால் சுமார் 150 டிகிரி நீராவி வரை ஓட்டலாம். விலையும் குறைவு. முதலில் ஒரு வருஷம் ஓடியதும் அதுதான்.

சரியான ரப்பருக்குத் தவறான கிரீஸ்

அடுத்த முறை இபிடிஎம்தான் போட்டேன். ஷாஃப்டில் சுலபமாக ஏறட்டும் என்று பேரிங் கிரீஸைத் தாராளமாகத் தடவினேன். இந்தத் தவறு இன்னும் பரவலாக நடக்கிறது, பழகின கைகளே செய்கின்றன, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இபிடிஎம்மும் பெட்ரோலிய எண்ணெயும் ஒரே சாதி, இரண்டும் வெறும் ஹைட்ரோகார்பன். இனம் இனத்தோடு சேரும் என்பது ரப்பரிலும் உண்மை. எண்ணெய் உள்ளே நுழைந்து ரப்பரின் சங்கிலிகளை விலக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடும், ரப்பர் ஊறி உப்பிவிடும். நைட்ரைல் ரப்பரில் அக்ரிலோநைட்ரைல் என்ற பகுதி கலந்திருப்பதால் எண்ணெய்க்கு அதோடு ஒட்டவில்லை. ஹைட்ராலிக் பம்பிலும் கியர்பாக்ஸிலும் நைட்ரைல் நிலைத்து நிற்க இதுதான் காரணம்.

உப்பினால் என்ன ஆகும் என்று ஒரு கணக்குப் போடலாம். மூடியும் பாடியும் சேரும் இடத்தில் அசையாமல் இருக்கும் ஒரு ஓ ரிங், தடிமன் 3.53 மில்லி. அதைக் குறுக்கே வெட்டினால் முகத்தின் பரப்பு சுமார் 9.8 சதுர மில்லி. அது உட்காரும் பள்ளம் 4.8 மில்லி அகலம், 2.8 மில்லி ஆழம் என்று வைத்தால் 13.4 சதுர மில்லி. அதாவது பள்ளத்தில் நாலில் ஒரு பங்கு காலி. ரப்பரை அமுக்கினால் பக்கவாட்டில் ஒதுங்க இடம் வேண்டும் என்று தெரிந்தே விட்ட காலி அது. இப்போது ரப்பரின் கன அளவு 60 சதவீதம் கூடுகிறது என்றால் தடிமன் 17 சதவீதம் கூடி 4.13 மில்லி ஆகும். முகத்தின் பரப்பு 13.4. பள்ளம் நிரம்பிவிட்டது. சூடான எண்ணெயில் இபிடிஎம் 100 சதவீதத்தையே தாண்டும். அதற்கு மேல் போக இடமில்லாமல் ரப்பர் மூடி இடுக்கில் பிதுங்கும், ஓரம் கடித்துப் பிய்த்ததுபோல் ஆகும்.

மெக்கானிக்கல் சீலுக்குள் இருக்கும் ஓ ரிங்குக்கு அவ்வளவு உப்பல்கூட வேண்டாம். அது ஷாஃப்ட் மேல் துளித்துளியாக நகரவேண்டிய ரிங். சீலில் இரண்டு தட்டை முகங்கள் ஒன்றோடொன்று உரசியபடி தண்ணீரை அடைத்து நிற்கும், அதில் ஒன்று கார்பன். அந்தக் கார்பன் முகம் தேயத் தேய ஸ்பிரிங் அதை முன்னே தள்ளும், ரிங்கும் கூடவே வரவேண்டும். ரிங் உப்பினால் ஷாஃப்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். ஸ்பிரிங் தள்ளியும் முகம் நகராது, இரண்டு முகத்துக்கும் நடுவில் இடைவெளி விழும், தண்ணீர் சொட்டும். பார்க்கிறவர் முகம் தேய்ந்துவிட்டது என்று நினைத்துப் புது சீலே வாங்கிப் போடுவார், அதே கிரீஸைத் தடவி. நானும் அப்படித்தான் ஒரு நல்ல சீலைக் குப்பையில் போட்டேன்.

இபிடிஎம்முக்கு சிலிக்கான் கிரீஸ், இல்லையென்றால் கிளிசரின், அதுவும் இல்லையென்றால் சோப்புத்தண்ணீர் போதும். வாஸ்லினும் பெட்ரோலியம்தான், ஆகாது. சிலிக்கான் ரப்பர் ரிங் என்றால் மட்டும் சிலிக்கான் கிரீஸ் வேண்டாம், இனம் இனத்தோடு சேரும் என்பது அங்கேயும் பொருந்தும்.

ஒரே பம்ப், இரண்டு ரப்பர்

அதே பம்பின் பின்பக்கம் பேரிங் வீடு. அதில் எண்ணெய். அங்கே இருக்கும் ஆயில் சீலும் ஓ ரிங்கும் நைட்ரைல். முன்பக்கம் இபிடிஎம், பின்பக்கம் நைட்ரைல், இரண்டும் கறுப்பு, சில சமயம் அளவும் ஒன்றாகவே இருக்கும். இரண்டையும் ஒரே டப்பாவில் கொட்டி வைத்தால் என்றாவது ஒரு நாள் இடம் மாறிவிடும். நைட்ரைல் முன்பக்கம் போனால் 130 டிகிரியில் வெந்து கல்லாகும். தொடர்ந்து ஓட அதற்கு 100 டிகிரிதான் எல்லை. இபிடிஎம் பின்பக்கம் போனால் எண்ணெயில் ஊறும்.

நிறத்தை நம்பாதீர்கள். விட்டான் பழுப்பாகவோ பச்சையாகவோ வரும் என்று சொல்வார்கள். வரும்தான், ஆனால் கறுப்பிலும் வரும், பச்சையில் வேறு ரப்பரும் வரும். டப்பா கலந்துவிட்டதென்றால் ஒன்றைப் பலி கொடுத்துப் பார்ப்பதுதான் வழி. ஒரு ரிங்கை வெட்டி, தடிமனை வெர்னியரில் அளந்து, மண்ணெண்ணெயில் ஒரு நாள் ஊறப்போட்டு மறுபடி அளக்கவேண்டும். இபிடிஎம் உப்பியிருப்பது கண்ணுக்கே தெரியும். நைட்ரைல் கொஞ்சமாகத்தான் மாறியிருக்கும். விட்டானைக் கண்டுபிடிக்க ஊறப்போடவே வேண்டாம். அதன் அடர்த்தி சுமார் 1.8, மற்ற இரண்டும் 1.1லிருந்து 1.3க்குள். ஒரே அளவில் இரண்டு ரிங்கை நகைத் தராசில் வைத்தால் தெரிந்துவிடும். நெருப்பில் காட்டிப் பார்க்கும் பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். விட்டான் எரிந்தால் ஹைட்ரஜன் ஃப்ளூரைடு வரும், அது தோலையும் நுரையீரலையும் அரிக்கும். தீப்பட்ட மெஷினில் கருகி ஒட்டிக்கிடக்கும் ரிங்கையும் வெறும் கையால் சுரண்டாதீர்கள்.

ஆயில் என்ற சொல்லும் ஏமாற்றும். பிரேக் ஆயில் என்று நாம் சொல்வது எண்ணெயே இல்லை. டாட் 3, டாட் 4 இரண்டும் கிளைக்கால் வகைத் திரவம். அங்கே இபிடிஎம்தான் சரி. எண்ணெய்தானே என்று நைட்ரைலோ விட்டானோ போட்டால் கெட்டுப்போகும். பிரேக்கில் தவறி ஒரு கரண்டி எஞ்சின் ஆயில் ஊற்றிவிட்டால், உள்ளே உள்ள ரப்பர் கப்புகள் எல்லாம் உப்பிவிடும்.

தின்னர் கேட்டால்

கரைப்பான்தான் இதில் கஷ்டமானது. பிரிண்டிங் மெஷினின் மை பம்பிலும் கழுவும் லைனிலும் எந்த ரப்பர் போடுவது என்று கேட்பார்கள். என்ன கரைப்பான் என்று திருப்பிக் கேட்டால், “தின்னர்தான்” என்பார்கள். தின்னர் ஒற்றைப் பொருள் இல்லை. அதில் டொலுயீன் இருக்கலாம், அசிட்டோன் இருக்கலாம், எத்தில் அசிட்டேட் இருக்கலாம். டொலுயீனுக்கு விட்டான் நன்றாகத் தாங்கும், இபிடிஎம் உப்பும். அசிட்டோனுக்கும், எம்இகே என்ற கரைப்பானுக்கும் இபிடிஎம் தாங்கும், விட்டான் பஞ்சாகிவிடும். நைட்ரைல் மூன்றிலும் தேறாது. எல்லாம் கலந்த டப்பாவுக்கு சாதாரண ரப்பர் எதுவுமே ஆகாது. அங்கே டெஃப்லான் உறை போட்ட ஓ ரிங் எடுக்கவேண்டும். அது இழுபடாது, அதனால் மாட்டும் முன் கொஞ்ச நேரம் வெந்நீரில் போட்டு எடுங்கள்.

கரைப்பானில் இன்னொரு விஷயம் பலருக்குப் பிடிபடுவதில்லை. மெஷின் ஓடும்போது ஒழுகாது, நாலு நாள் லீவு விட்டுத் திறந்தால் ஒழுகும். ஊறியிருந்த ரப்பர் உப்பலால் பள்ளத்தை அடைத்துக்கொண்டிருந்தது. ஊறும்போதே அதில் இருந்த மென்மையாக்கும் எண்ணெயைக் கரைப்பான் வெளியே இழுத்துவிட்டது. லீவில் கரைப்பான் காய்ந்ததும் ரிங் பழைய அளவைவிடச் சின்னதாக, விறைப்பாகச் சுருங்கிவிடுகிறது. போல்ட்டை இறுக்கிப் பயனில்லை, ரப்பர் வகையை மாற்றவேண்டும்.

கழற்றிய ரிங்கைத் தூக்கிப் போடாதீர்கள். புதியதன் பக்கத்தில் வையுங்கள். பெரிதாகி மெத்தென்று இருந்தால் திரவம் ஊறியிருக்கிறது. அளவு மாறாமல் சப்பையாகி, வளைத்தால் வெடித்தால் சூடு மிஞ்சியிருக்கிறது. கொப்புளம் என்றால் என் பழைய விட்டான் மாதிரி கொதிநீரோ நீராவியோ என்று முதலில் சந்தேகப்படுங்கள். பார்த்த பிறகு அதே ரிங்கை ஒரு கவரில் போட்டு, மேலே மெஷின் பெயர், என்ன திரவம், எத்தனை டிகிரி, கழுவ என்ன போடுகிறோம் என்று நாலு வரி எழுதிக் கடைக்கு எடுத்துப் போங்கள். எங்கள் ஸ்டோரில் இப்போது முன்பக்க ரிங்குகள் நீலக் கவரில், பின்பக்க ரிங்குகள் வெள்ளைக் கவரில் இருக்கின்றன. நீலக் கவருக்குள் ஒரு சின்ன சிலிக்கான் கிரீஸ் டியூபும் சேர்த்தே வைத்திருக்கிறோம்.