சத்தம் போடாத ஸோனை முதலில் சோதியுங்கள்: உர ஸ்டோர் அலாரத்துக்கு ஒரு செய்முறை

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டம். அங்கே உர ஸ்டோருக்குப் புதிதாக நான்கு ஸோன் அலாரம் பொருத்தியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 1 முன் ரோலர் ஷட்டர், 2 பின் கதவு, 3 உள்ளே நடமாட்ட சென்சார், 4 பக்கத்து ஆபீஸ். ராத்திரி ஷிப்ட் சூப்பர்வைசருக்கு அதன்மேல் நம்பிக்கை வரவில்லை. மூன்றாவது ஸோன் அடிக்கடி அலறுகிறது; போய்ப் பார்த்தால் ஆள் இல்லை. இரண்டாவது ஒருநாளும் கத்தியதில்லை, அதனால் அது நல்ல ஸோன் என்பது அவர் கணக்கு. லாரி எதுவும் வராத ஒரு ராத்திரியில், ஜாகாவை வைத்துக்கொண்டு அலாரம் முழுவதையும் சோதிக்கிறார்.

படி 1: நடந்து பார்ப்பது

கண்காணிப்பு நிலையத்தோடு இணைப்பு இருந்தால் முதலில் அவர்களுக்குத் தகவல் சொல்லுங்கள். பிறகு கீபேடைச் சோதனை நிலைக்கு மாற்றுங்கள். ஒருவர் கீபேடைப் பார்க்க, இன்னொருவர் ஒவ்வொரு கதவாகத் திறந்து மூட வேண்டும். இரண்டு வேலையையும் ஒரே ஆள் செய்தால் எந்த ஸோன் எப்போது மாறியது என்று தெரியாது.

நடமாட்ட சென்சாரை நோக்கி நேராக நடக்காதீர்கள். உடல் சூடு ஒரு பார்வைப் பட்டையிலிருந்து அடுத்ததற்குத் தாண்டும்போதுதான் அது விழிக்கும். அதனால் குறுக்கே நடப்பவரைச் சட்டென்று பிடிக்கும், நேரே வருபவரைத் தாமதமாகத்தான் பிடிக்கும். இரண்டு விதமாகவும் நடந்து பாருங்கள். சென்சாரை எந்தச் சுவரில் மாட்டியிருக்க வேண்டும் என்பதும் அப்போது விளங்கும்.

1, 3, 4 ஒழுங்காக மாறின. பின் கதவிலிருந்து ஜாகாவின் குரல் வந்தது: "அண்ணே, கதவு தொறந்தே கெடக்கு. அங்க ஏதும் காட்டுதா?"

கீபேடில் இரண்டாவது ஸோன் 'சரி' என்றே காட்டியது.

படி 2: வயரை அளப்பது

அலாரத்தின் பேனல் பெட்டிக்குள் மெயின் மின்சாரம் வருகிறது. அதை அணைத்து, பேட்டரி வயரையும் கழற்றிய பிறகே கை வையுங்கள். இதற்கு அனுமதி இல்லாதவர் டெக்னீஷியனைக் கூப்பிட்டு, அவர் அளப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம்.

ஒவ்வொரு ஸோன் வயரின் கடைசியிலும் ஒரு சின்ன ரெசிஸ்டர் இருக்க வேண்டும். மதிப்பு பேனலுக்குப் பேனல் மாறும்; 5.6 கிலோஓம் என்று வைத்துக்கொள்வோம். பேனல் எந்நேரமும் அந்த அளவைத் தேடிக்கொண்டே இருக்கும். கதவு திறந்தாலோ வயர் அறுந்தாலோ சுற்று திறந்துவிடும். இரண்டு வயரும் ஒட்டிக்கொண்டால் அளவு பூஜ்யத்துக்கு இறங்கும். எப்படியானாலும் பேனலுக்குத் தெரிந்துவிடும்.

இரண்டாவது ஸோனின் இரண்டு வயரையும் பேனலிலிருந்து கழற்றி மீட்டரை வைத்தார்கள். கதவு மூடியிருந்தபோது கிட்டத்தட்ட பூஜ்யம், திறந்தபோதும் அதே பூஜ்யம். மூட்டைகளுக்குப் பின்னால் எலி கடித்து, உள்ளே செம்புக் கம்பிகள் ஒட்டிக்கொண்டிருந்தன. அப்படியானால் பேனல் ஏன் 'சரி' என்றது? பொருத்தியவர் ரெசிஸ்டரைக் கதவுப் பக்கம் வைக்காமல், வேலை சுலபம் என்று பேனல் பெட்டிக்குள்ளேயே முடுக்கிவிட்டுப் போயிருந்தார். வயர் ஒட்டினாலும் பேனல் தன் மடியிலுள்ள ரெசிஸ்டரைத்தான் பார்க்கும், கதவைப் பார்க்காது. பெட்டியைத் திறந்ததும் டெர்மினலில் ரெசிஸ்டர்கள் வரிசையாகத் தெரிந்தால் மீட்டர் எடுக்கும் முன்பே சந்தேகப்படலாம்.

இதற்கு இரண்டு வேலை: புது வயரை பிவிசி குழாய்க்குள் இழுப்பது, ரெசிஸ்டரைக் கதவின் காந்த சுவிட்ச் பக்கம் மாற்றுவது. முடிந்ததும் பேட்டரியையும் மெயினையும் திரும்பக் கொடுத்து, கதவைத் திறந்து பார்ப்பது மட்டும் போதாது. கதவுப் பக்கம், ரெசிஸ்டருக்கு முன்னால், பேனலிலிருந்து வரும் இரண்டு வயரையும் வேண்டுமென்றே ஒரு கணம் ஒட்டுங்கள். பேனல் கோளாறோ அலாரமோ காட்ட வேண்டும். 'சரி' என்றே நின்றால் ரெசிஸ்டர் இன்னும் தப்பான இடத்தில்தான் இருக்கிறது. மற்ற மூன்று ஸோனிலும் இதையே செய்யுங்கள். ஒரே ஆள் பொருத்தியது, ஒரே தவறு எல்லாவற்றிலும் இருக்கலாம்.

படி 3: அலறும் ஸோன்

மூன்றாவது ஸோன் விஷயம் லேசானது. சென்சார் மூடியில் பல்லி எச்சம், பக்கத்திலேயே ராத்திரி முழுக்க எரியும் விளக்கு. விளக்குக்குப் பூச்சி வரும், பூச்சிக்குப் பல்லி வரும். லென்ஸை ஒட்டி ஓடும் பல்லி சென்சாருக்கு ஓர் ஆள் அளவுக்குத் தெரியும். சென்சாரை விளக்கிலிருந்து தள்ளி மாட்டுங்கள், வயர் நுழையும் ஓட்டையை சிலிக்கன் வைத்து அடையுங்கள், லென்ஸை ஈரத்துணியால் துடையுங்கள். உணர்திறனைக் குறைப்பதைக் கடைசியாக வையுங்கள். பல்லிக்காகக் குறைத்தால் திருடனும் தப்புவான்.

இனி மூன்றாவது மட்டும் அலறி 1, 2 அமைதியாக இருந்தால் 'பல்லிதான்' என்று அணைத்துவிட வேண்டாம். கூரைத் தகட்டைக் கழற்றி இறங்குபவன் எந்தக் கதவையும் தொடமாட்டான். இரண்டு பேராகப் போய், வெளியே ஒரு சுற்று சுற்றி, டார்ச்சை முதலில் கூரை ஓரத்தில் அடியுங்கள். பார்த்ததை நேரம், ஸோன் எண்ணோடு ஷிப்ட் புத்தகத்தில் எழுதிவிட்டு அதன்பிறகு ரீசெட் செய்யுங்கள்.