அவசரம் வேறு, முக்கியம் வேறு: ஒரு வாரத்தின் வேலைகளை நான்கு கட்டத்தில் பிரிப்பது எப்படி?

வேலைகளை அவசரம், முக்கியம் என்ற இரண்டு அளவுகோல்களால் பிரிக்கும் முறைக்கு ஐசனோவர் கட்டம் என்று பெயர். 1954-ல் இலினாய் மாநிலத்து எவன்ஸ்டனில் பேசிய அமெரிக்க அதிபர் ஐசனோவர், முன்னாள் கல்லூரித் தலைவர் ஒருவர் சொன்னதாக, அவசரச் சிக்கல், முக்கியச் சிக்கல் என இரண்டு வகை உண்டு என்றார். கட்டம் வரைவது பின்னால் வந்த பழக்கம். அதை வரைய ஒரு நிமிடம் போதும். எந்த வேலையை எந்தக் கட்டத்தில் போடுவது என்பதில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். அதனால் ஓர் உண்மையான வாரத்தை எடுத்துக்கொள்வோம்: திருப்பூரில் ஒரு சிறிய பனியன் கம்பெனி, கணக்குப் பார்ப்பவர் ஒரே ஆள், 6-ம் தேதி திங்கட்கிழமை காலை.

1. எல்லாவற்றையும் ஒரே தாளில் இறக்குங்கள்

தலைக்குள் இருப்பது, வாட்ஸ்அப்பில் வந்தது, முதலாளி வாய்மொழியாகச் சொன்னது, எல்லாமே தாளுக்கு வரட்டும். பதினைந்து நிமிடம் போதும். நம் கணக்காளரின் தாளில் இருப்பவை: பணம் கொடுக்கும்போது பிடித்த வரியான டிடிஎஸ்-ஐ அரசுக்குக் கட்டுவது (7-ம் தேதி), நம் விற்பனை பில்களின் கணக்கான ஜிஎஸ்டிஆர்-1 தாக்கல் (11), பிஎஃப், இஎஸ்ஐ (15), சனிக்கிழமை வாரக்கூலிக் கணக்கு, நூல் சப்ளையர் கேட்கும் லெட்ஜர் நகல், முதலாளி கேட்ட மூன்று வருட கரண்ட் பில் பட்டியல், 90 நாள் தாண்டிய பாக்கிகள், கணக்கு மென்பொருளான டேலியின் பேக்கப் சரியாகத் திறக்கிறதா என்று பார்ப்பது, பழைய ஃபைல்களுக்கு லேபிள் ஒட்டுவது.

2. முதலில் முக்கியத்தை மட்டும் பாருங்கள்

இந்த வரிசை மாறக்கூடாது. அவசரத்தை முதலில் பார்த்தால், தேதி நெருங்கிய எல்லாமே முக்கியமாகத் தோன்றிவிடும். ஒவ்வொரு வேலைக்கும் எதிரே, “இதைச் செய்யாமலே விட்டால் என்ன போகும், யாருக்குப் போகும்?” என்பதற்கு ஒரு வரியில் பதில் எழுதுங்கள். “முக்கியம்” என்று டிக் அடிப்பது பதில் ஆகாது. நஷ்டத்தையே எழுத வேண்டும்.

டிடிஎஸ்: பிடித்ததைக் கட்டாவிட்டால் மாதத்துக்கு 1.5 சதவீதம் வட்டி, மாதத்தின் ஒரு பகுதியும் முழு மாதமாகவே எண்ணப்படும். ஜிஎஸ்டிஆர்-1: 11-ம் தேதி தாண்டினால் நம் பில்கள் வாங்கியவரின் வரி வரவைக் காட்டும் அந்த மாத ஜிஎஸ்டிஆர்-2பி பட்டியலில் வராது. அவருக்கு வரவேண்டிய வரி வரவு ஒரு மாதம் தள்ளிப்போகும், அடுத்த பில்லுக்கான பணத்தை நிறுத்தி வைப்பார். பேக்கப்: கம்ப்யூட்டர் நின்றுபோனால் வருடக் கணக்கு முழுவதும் போகும். லேபிள்: எதுவும் போகாது.

சப்ளையரின் லெட்ஜருக்கு என்ன எழுதுவது? அவருடைய ஆடிட்டருக்கு அது வேண்டும், நம்மிடம் எதுவும் போகாது. அடுத்தவரின் அவசரம் நம் தாளுக்குள் எப்படி நுழைகிறது என்பது இந்த ஒரு வரியில் தெரிந்துவிடும்.

3. கடைசித் தேதியை அல்ல, தொடங்க வேண்டிய தேதியை எழுதுங்கள்

புதிதாகத் தொடங்குபவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். ஜிஎஸ்டிஆர்-1-க்கு 11-ம் தேதி என்பதால் திங்கட்கிழமை அது அவசரமில்லை என்று விட்டுவிடுவார்கள். வேலையைப் பிரித்துப் பாருங்கள். டெஸ்பாட்ச்சிலிருந்து விட்டுப்போன பில்களை வாங்க ஒரு நாள் காத்திருக்க வேண்டும். ஜிஎஸ்டி எண், சரக்குக் குறியீடான ஹெச்எஸ்என் ஆகியவற்றின் பிழைகளைத் திருத்த இரண்டு மணி நேரம். கடைசி நாளில் போர்ட்டல் மெதுவாகும், ஓடிபி தாமதமாகும் என்பதால் ஒரு நாள் கையிருப்பு. 11-ம் தேதி சனிக்கிழமை, அன்றைக்குக் கூலிப் பட்டுவாடாவும் இருக்கிறது. ஆகவே 10-க்குள் தாக்கல், 9-ல் திருத்தம், 8-ம் தேதி புதன்கிழமையே டெஸ்பாட்ச்சில் பில் கேட்க வேண்டும்.

இன்றோ நாளையோ தொடங்காவிட்டால் நஷ்டம் உறுதி என்றால் அது அவசரம். மற்றதெல்லாம், யார் எத்தனை முறை போன் செய்தாலும், அவசரமில்லை.

4. நான்கு கட்டத்தில் போடுங்கள்

தாளை நான்காக மடித்தால் கட்டம் தயார். முக்கியம், அவசரம் இரண்டும் உள்ளது முதல் கட்டம்: திங்கட்கிழமைக்கு அங்கே இருப்பது டிடிஎஸ் மட்டுமே. முக்கியம் ஆனால் அவசரமில்லாதது இரண்டாவது: ஜிஎஸ்டிஆர்-1, கூலிக் கணக்கு, பிஎஃப், இஎஸ்ஐ, பாக்கி வசூல், பேக்கப். புதன்கிழமை வந்ததும் ஜிஎஸ்டிஆர்-1 முதல் கட்டத்துக்கு நகரும். அவசரம்போல் வருவது, நமக்கு முக்கியமில்லாதது மூன்றாவது: லெட்ஜர் நகல். இரண்டும் இல்லாத லேபிள் நான்காவது. அதை அடித்துவிடுங்கள்.

கரண்ட் பில் பட்டியல் எங்கே போகும் என்று நாமே முடிவு செய்ய முடியாது, கேட்க வேண்டும். “சார், இது எப்பத்துக்குள்ள வேணுங்க? வெள்ளிக்கிழமை குடுத்தா பரவாயில்லைங்களா?” பேங்க் லோனுக்காக நாளைக்கே வேண்டும் என்றால் முதல் கட்டம். சும்மா ஒரு பார்வைக்கு என்றால் வெள்ளிக்கிழமை. கேட்காமலே முதல் கட்டத்தில் போட்டால் அரை நாள் அதிலேயே போய்விடும்.

மூன்றாவது கட்ட வேலையை வேறொருவரிடம் கொடுங்கள் என்றுதான் வழக்கமாகச் சொல்வார்கள். ஆள் இல்லாத இடத்தில் அது உதவாது. அதற்குப் பதில் அவற்றைச் சேர்த்துவைத்து, மதியம் 12 மணிக்கு அரை மணி நேரம், மாலை 4.30-க்கு அரை மணி நேரம் என்று முடியுங்கள். லெட்ஜர் கேட்டவருக்கு, “சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள வாட்ஸ்அப்ல வந்துருமுங்க” என்று நேரம் சொல்லிவிட்டால் மறுபடி போன் வராது. நேரம் சொல்லாமல் “அனுப்பறேன்” என்றால் மூன்று முறை வரும்.

5. இரண்டாவது கட்டத்துக்கு நேரம் ஒதுக்குங்கள்

பாக்கிக்கும் பேக்கப்புக்கும் கடைசித் தேதி கிடையாது. அதனால் அவை தானாக ஒருநாளும் மேலே வராது. நேரத்தை நாம்தான் கொடுக்க வேண்டும். போன் ஓயாமல் அடிக்கத் தொடங்குமுன், காலை 9.30 முதல் 10.15 வரை: திங்கள் பாக்கி, செவ்வாய் பேக்கப், வியாழன் மறுபடி பாக்கி. டிடிஎஸ்-ஐ 10.15-க்கு எடுத்தாலும் அன்றே முடிந்துவிடும்.

ஒரே வேலை மூன்று வாரமாக இந்தக் கட்டத்திலேயே கிடந்தால், அது எழுதப்பட்ட விதத்தில் கோளாறு. “பாக்கி வசூல்” என்று எழுதினால் கை எதையும் தொடாது. “90 நாள் தாண்டிய பார்ட்டிகளின் பெயர், தொகை, போன் நம்பர் எடு” என்று எழுதினால் நாற்பது நிமிடத்தில் முடியும். அடுத்த முறைக்கு, “முதல் இரண்டு பேருக்குப் போன் செய்.”

முதல் கட்டம் வீங்கினால்

ஒரு நாளுக்கு மூன்றுக்கு மேல் அங்கே சேர்ந்தால் ஒவ்வொன்றையும் பார்த்து, “இது போன வாரம் எந்தக் கட்டத்தில் இருந்தது?” என்று கேளுங்கள். பெரும்பாலும் இரண்டாவது கட்டத்தில் தூங்கியதாக இருக்கும். பிஎஃப் மாதாமாதம் 14-ம் தேதிதான் ஞாபகம் வருகிறது என்றால், 10-ம் தேதியில் மாதாந்திர நினைவூட்டல் ஒன்றை மொபைலில் வைத்துவிடுங்கள்.

எல்லாமே உண்மையிலேயே முதல் கட்டம்தான், மொத்தம் பதினான்கு மணி நேர வேலை, கையில் இருப்பது எட்டு மணி நேரம் என்றால் எந்தக் கட்டமும் அதைத் தீர்க்காது. நஷ்டம் எழுதிய அந்தத் தாளையே முதலாளியிடம் காட்டி, எது தள்ளிப்போகலாம் என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள்.

சனிக்கிழமை கூலி கொடுத்து முடிந்ததும் பழைய தாளில் மிச்சம் இருப்பதைப் புதுத் தாளுக்கு எழுதுங்கள். பழைய கட்டத்தை அப்படியே நகல் எடுக்காதீர்கள். 15-ம் தேதி நெருங்கியிருக்கும், பிஎஃப் இப்போது இடம் மாறியிருக்கும்.