மாடித்தோட்ட வீடியோவில் வீட்டு விலாசம் கசியாமல் இருக்க

மாடித்தோட்ட சேனல் நடத்தும் தோழி ஒருத்தி, ஏற்றுவதற்கு முன்னால் ஒரு வீடியோவை எனக்கு அனுப்பி, "எங்க வீடு எங்கே இருக்குன்னு இதுல தெரியுதா பாரேன்" என்றாள். அவள் வீட்டுக்கு நான் போனதே இல்லை. பத்து நிமிடத்தில் தெருவைச் சொல்லிவிட்டேன். தக்காளிச் செடியைச் சுற்றி கேமராவைத் திருப்பிய மூன்று விநாடியில் பின்னால் ஒரு செல்போன் டவரும், அதன் இடப்பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தின் பாதிப் பெயரும் தெரிந்தன. ஊர் பெயரை அவளே பழைய வீடியோவில் சொல்லியிருந்தாள், அப்புறம் மேப்பில் மண்டபத்தைத் தேடி, இரண்டும் அந்த வரிசையில் எங்கிருந்து தெரியும் என்று பார்த்தால் போதும்.

முதலில் படமெடுக்கும் இடத்தைச் சரிசெய்யுங்கள். செடிக்குப் பின்னால் பச்சை நிழல்வலையைத் தொங்கவிட்டு, கேமராவைக் கைப்பிடிச் சுவரைவிடத் தாழ்வாக வையுங்கள். வானமும் சுவரும் மட்டும் தெரிந்தால் நல்லது.

எடுத்ததை இரண்டு முறை பார்க்க வேண்டும். ஒருமுறை சத்தத்தை அணைத்து, கேமரா திரும்பும் இடங்களில் நிறுத்தி நிறுத்தி. இன்னொருமுறை ஹெட்போன் மாட்டி, கண்ணை மூடி. இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்: கண்டக்டர் கத்தும் ஸ்டாப் பெயர், ரயில் நிலைய அறிவிப்பு, கோயில் ஒலிபெருக்கியில் தெருப் பெயரோடு வாசிக்கும் நன்கொடையாளர் பட்டியல் எல்லாம் காதுக்குத்தான் மாட்டும்.

பளபளப்பான பொருள்களையும் விடாதீர்கள். 2019-ல் ஜப்பானில் ஓர் இளம் பாடகியின் செல்ஃபியில் அவர் கண்மணியில் பிரதிபலித்த ரயில் நிலையத்தை வைத்து, அவரைப் பின்தொடர்ந்து வந்து ஒருவன் தாக்கினான். திரைச்சீலை, ஜன்னல் வெளிச்சம் இவற்றை வைத்து அவர் வீட்டையும் அனுமானித்ததாகச் செய்திகள் வந்தன. நமக்கு எவர்சில்வர் குடமும் கறுப்புக் கண்ணாடியும் அதே வேலையைச் செய்யும்.

மறைக்க வேண்டியதை லேசாக மங்கலாக்காதீர்கள், கறுப்புக் கட்டம் போட்டே மூடுங்கள்; மங்கிய எழுத்தின் நீளத்தையும் நிறத்தையும் பார்த்தே ஊகிக்க முடியும். போனின் கேமரா அமைப்பில் இருப்பிடப் பதிவையும் அணைத்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் ஒரு படத்தை டாக்குமெண்டாக அனுப்பினால் அது உள்ளே இருக்கும் ஜிபிஎஸ் விவரத்தோடு அப்படியே போகும்.

அடுத்தது நேரம். ஊட்டி வீடியோவை ஊட்டியிலிருந்து போடாமல், திரும்பி வந்து ஒரு வாரம் கழித்துப் போடுங்கள். ஆனால் தினமும் காலை எட்டு மணிக்குப் போடுகிறவர் திடீரென்று நின்றாலும் வீடு பூட்டியிருப்பது தெரிந்துவிடுமே? அதனால் கிளம்பும் முன் மூன்று நான்கு வீடியோக்களை யூடியூபின் Schedule வசதியில் வரிசையாக ஏற்றிவிட வேண்டும். ரயில் டிக்கெட் படம் போடவே போடாதீர்கள். அதிலுள்ள பத்து இலக்க பிஎன்ஆரை அடித்தால் பயணத் தேதி யாருக்கும் தெரியும், திரும்பும் டிக்கெட்டாக இருந்தால் என்றைக்கு வருகிறீர்கள் என்பதும்.

தோழி இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தாள். அவள் ஊருக்குப் போன மறுநாள் வரிசையில் இருந்த கத்திரிக்காய் வீடியோவும் சரியாக எட்டு மணிக்கு வந்தது. அதன் கீழே அவள் சித்தி முதல் ஆளாக எழுதியிருந்தார்: "எல்லாரும் நல்லபடியா போய்ச் சேர்ந்தாச்சா கண்ணு, செடிக்கு யார் தண்ணி ஊத்துறா?"