நாட்டுக் கத்தரி விதை எடுத்து பாக்கெட் போட்டு விற்பது எப்படி? டெல்டாக்காரர்களுக்கான செய்முறை

விதை சேகரிக்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் முதல் வருடமே பத்து, இருபது ரகங்களில் கைவைத்து விடுகிறார்கள். அப்படிச் செய்யாமல் ஒரே ஒரு காயை எடுத்து, நாற்றில் தொடங்கி பாக்கெட் வரை முழுதாகச் செய்து பார்ப்பதுதான் நல்லது. அதற்குக் கத்தரியைப் போலப் பொருத்தமான காய் கிடையாது. பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்க்கும், ஒரு பழத்தில் நூற்றுக்கணக்கில் விதை இருக்கும், மாடித்தோட்டக்காரர்களும் விரும்பி வாங்குவார்கள். நம் பக்கத்தில் ஊருக்கு ஒரு கத்தரி உண்டு. நாகப்பட்டினம் பக்கத்துப் பொய்யூர்க் கத்தரி போலப் பெயர் வாங்கியவை சில. பெயரே இல்லாமல் கொல்லையில் காய்த்துக்கொண்டிருப்பவை நிறைய. கீழே சொல்வது அப்படிப் பெயரில்லாத, பச்சையில் வெள்ளைக் கோடு போட்ட ஒரு கத்தரியை வைத்துத்தான்.

முதலில் காலம்

வேறு ஊர்க்காரர்கள் எழுதும் குறிப்புகளை அப்படியே பின்பற்றினால் டெல்டாவில் விதை பூஞ்சணம் பூத்துப்போகும். காரணம் ஈரம். ஆடிப்பட்டத்தில் நட்ட கத்தரி ஐப்பசி, கார்த்திகை அடைமழையில்தான் பழுக்கும். அப்போது பழம் செடியிலேயே அழுகும். தப்பித்த விதையைக் காயவைக்கவும் வெயில் இருக்காது. ஆகவே ஆடிப்பட்டக் கத்தரியைச் சமையலுக்கும் சந்தைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். விதைக்கென்று தைப்பட்டத்தில் தனியாக நடுங்கள்.

மார்கழி தொடக்கத்தில் நாற்று விட்டால் தையில் நடலாம். மாசிக் கடைசியில் பூக்கும், சித்திரையில் பழம் மஞ்சளாகும், அந்த வெயிலிலேயே விதையும் காய்ந்துவிடும். வைகாசியில் முளைப்புச் சோதனையை முடித்தால், ஆடிப்பட்டத்துக்கு விதை தேடி வருபவர்களுக்குக் கொடுக்க பாக்கெட் தயாராக இருக்கும். ஒரே சிக்கல் தண்ணீர். மேட்டூர் அணையை வழக்கமாக ஜனவரி 28-ல் மூடிவிடுவார்கள், அதற்குப் பிறகு வாய்க்காலை நம்ப முடியாது. கிணறோ போரோ பக்கத்தில் இருக்கும் இடமாகப் பார்த்து வையுங்கள்.

தாய் விதை

நர்சரியில் குழித்தட்டு நாற்றாகக் கிடைப்பதில் பெரும்பாலானவை ஹைப்ரிட். அதிலிருந்து விதை எடுத்தால் அடுத்த தலைமுறையில் ஒரு செடி நீளக்காய், ஒரு செடி உருண்டைக்காய் என்று பிரிந்து போகும். வாங்கியவர் உங்களைத்தான் கேட்பார். பல வருடமாகத் தாங்களே விதை எடுத்து நடும் வீட்டிலிருந்து வாங்குங்கள். வாங்கும்போது ‘இது எந்த ஊர்க் கத்தரி, எப்போதிலிருந்து வைத்திருக்கிறீர்கள்?’ என்று கேட்டு எழுதி வையுங்கள். பாக்கெட்டில் போடுவதற்கு அதைவிட நல்ல விவரம் கிடைக்காது.

நடவும் கலவன் நீக்குவதும்

இரண்டடிக்கு இரண்டடி இடைவெளியில் 30 செடி நட, பத்துக்குப் பன்னிரண்டு அடி இடம் போதும். நாலைந்து செடியில் மட்டும் விதை எடுத்தால் ரகத்துக்குள் இருக்கும் பலவிதம் குறுகிப்போகும். அதனால்தான் 30.

இந்த 30-ஐயும் மூன்று முறை நிதானமாகப் பாருங்கள். பூக்கும் முன் இலை, தண்டு, முள் ஆகியவற்றில் மாறி நிற்கும் கலவன் செடியைப் பிடுங்குங்கள். பூக்கும்போது பூவின் நிறத்தைப் பாருங்கள். முதல் காய் வந்ததும் கோடு, உருவம், காம்பு மூன்றையும் பாருங்கள். இலை சுண்டைக்காய் அளவுக்குச் சிறுத்து, கொத்துக் கொத்தாகக் கூடி, காயே பிடிக்காமல் நிற்கும் செடி இருந்தால் அது சிற்றிலை நோய். தத்துப்பூச்சி பரப்புவது. பார்த்த அன்றே பிடுங்கி அப்புறப்படுத்துங்கள். காயில் பழுப்பு வட்டமாக அழுகல் விழும் செடியும் விதைக்கு ஆகாது, அந்தப் பூஞ்சை விதை வழியாகவே அடுத்த தோட்டத்துக்குப் போகும்.

மீதியில் நன்றாக இருக்கும் 12 செடிக்கு ஒரு கலர் துணி கட்டிவிடுங்கள்.

அடுத்த கொல்லைக் கத்தரி கலக்காமல் இருக்க

கத்தரி தன் மகரந்தத்தில் காய்க்கும் என்றாலும் கருவண்டும் தேனீயும் சும்மா இருப்பதில்லை. சான்று விதை உற்பத்தியில் வேறு கத்தரியிலிருந்து 100 மீட்டர் தள்ளி நட வேண்டும் என்பது விதி. கொல்லைக்குக் கொல்லை ஒட்டியிருக்கும் நம் தெருக்களில் அது நடக்காது. அதற்குப் பை கட்டுவதுதான் வழி.

இங்கே பூவைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். கத்தரிப்பூவின் நடுவில் மஞ்சள் மகரந்தப்பைகள் கூம்பு போலக் கூடி நிற்கும். சில பூக்களில் அந்தக் கூம்பைத் தாண்டி ஒரு பச்சை முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் சூல்முடி. அந்தப் பூதான் காயாகும். முனை உள்ளேயே அடங்கிக் கிடக்கும் பூ பெரும்பாலும் உதிர்ந்துவிடும். மலர்வதற்கு முதல் நாள் மாலை, நன்றாகப் பருத்த மொட்டாகப் பார்த்து, கொசுவலைத் துணியில் தைத்த சின்னப் பையை மாட்டி, காம்பில் நூலால் தளர்வாகக் கட்டுங்கள். பூ விரிந்ததும் நீட்டிய முனை இருக்கிறதா என்று வலை வழியாகவே பார்த்துக்கொள்ளலாம். காலையில் பையோடு சேர்த்து விரலால் இரண்டு மூன்று தட்டுத் தட்டுங்கள். கத்தரி மகரந்தம் மகரந்தப்பையின் நுனியில் உள்ள சின்ன ஓட்டை வழியாகத்தான் கொட்டும். வெளியே இருந்தால் வண்டு அதிரவைத்துக் கொட்டவைக்கும், உள்ளே அந்த வேலை உங்களுடையது. இரண்டு மூன்று நாள் தட்டினால் போதும்.

பிஞ்சு பிடித்துக் கோலிக்குண்டு அளவு வந்ததும் பையைக் கழற்றிவிட்டு, காம்பில் சிவப்பு நூல் கட்டுங்கள். செடிக்கு மூன்று காய் போதும். மற்றதைச் சமையலுக்குப் பறித்துவிட்டால் செடியின் சத்து இந்த மூன்றுக்கும் போகும். வீட்டில் எல்லோரிடமும் சிவப்பு நூல் காயைத் தொடக்கூடாது என்று சொல்லிவையுங்கள்.

பழம், கழுவுதல், காயவைத்தல்

பிஞ்சு பிடித்து ஏறக்குறைய 50 நாளில் காய் கோடெல்லாம் மறைந்து முழு மஞ்சளாகும். பாதி பச்சையாக இருக்கும்போது பறித்தால் விதை சப்பையாகத்தான் இருக்கும். பறித்த பழத்தை நாலைந்து நாள் நிழலில் வையுங்கள், தோல் சுருங்கி உள்ளே இன்னும் முற்றும்.

அப்புறம் பழத்தை நாலாக அறுத்து, வாளித் தண்ணீரில் கையால் பிசையுங்கள். ஓர் இரவு ஊறவிட்டால் சதை விடும், அதற்கு மேல் வேண்டாம். காலையில் கலக்கிவிட்டு நிறுத்துங்கள். கெட்டி விதை அடியில் தங்கும், சப்பையும் சதையும் மிதக்கும். மிதப்பதை ஊற்றிவிட்டு நாலைந்து முறை அலசுங்கள்.

காயவைப்பதுதான் டெல்டாவில் முக்கியமான வேலை. முதல் நாள் நிழலில், துணியில் ஒற்றை அடுக்காகப் பரப்புங்கள். தாளில் பரப்பினால் ஒட்டிக்கொள்ளும். அடுத்த மூன்று நாள் காலை எட்டு முதல் பத்து வரை வெயில், பிறகு நிழல். சித்திரை மதியத்தில் சிமெண்டுத் தரையிலோ தகரத்திலோ போட்டால் விதை வெந்துவிடும், வெளியே பார்த்தால் தெரியவும் தெரியாது. மாலையில் கடல் காற்று ஏறும் முன் கட்டாயம் உள்ளே எடுத்துவிடுங்கள். பகலில் காய்ந்ததை ராத்திரி ஈரக்காற்று திரும்ப நனைத்துவிடும்.

காய்ந்ததா என்று எப்படித் தெரியும்? கத்தரி விதையைக் கடித்துப் பார்க்க முடியாது. ஒரு சின்னக் கண்ணாடிப் பாட்டிலில் உலர்ந்த தூள் உப்பு ஒரு கரண்டியும் கொஞ்சம் விதையும் போட்டு மூடி, மறுநாள் குலுக்குங்கள். உப்பு பாட்டிலில் ஒட்டிக் கட்டியானால் ஈரம் இருக்கிறது. உதிரியாக ஓடினால் பெரும்பாலான ஈரம் போய்விட்டது, ஆனாலும் உள்ளே கொஞ்சம் மிச்சம் இருக்கலாம். சோதித்த விதையைக் கொட்டிவிடுங்கள். எப்படியானாலும் சேமிக்கும் முன், அரிசியைச் சிவக்க வறுத்து, மூடிய பாத்திரத்தில் முழுக்க ஆறவைத்துத் துணியில் முடிந்து, விதைப் பாட்டிலுக்குள் ஒரு வாரம் போட்டு வையுங்கள், ஈரத்தை அரிசி இழுத்துக்கொள்ளும்.

முளைப்புச் சோதனை

விதை எடுத்தவுடன் சோதித்துப் பயப்பட வேண்டாம். புதுக் கத்தரி விதைக்குச் சில வாரம் உறக்கம் உண்டு. வைகாசிக் கடைசியில் சோதியுங்கள். நூறு விதையை 25 வீதம் நாலு ஈரத்துணியில் பரப்பிச் சுருட்டி, காயாமல் பார்த்துக்கொண்டு, ஏழாம் நாளும் பதினாலாம் நாளும் எண்ணுங்கள். சான்று விதைக்குக் குறைந்தபட்சம் 70 முளைக்க வேண்டும். நம் கத்தரியில் 78 முளைத்ததாக வைத்துக்கொள்வோம். பாக்கெட்டில் 78 என்றே அச்சிடுங்கள், 90 என்று போட வேண்டாம். நாற்பது, ஐம்பதுதான் வந்தால் ஒரு மாதம் கழித்து மறுபடி பாருங்கள். அப்போதும் ஏறவில்லை என்றால் பழம் முற்றவில்லை அல்லது வெயிலில் வெந்திருக்கிறது. அந்த விதையை விற்கக் கூடாது.

பாக்கெட்டும் விலையும்

12 செடி, 36 பழம். பழத்துக்கு இரண்டு கிராம் வைத்தால் எழுபது கிராம், சுத்தம் செய்த பிறகு அறுபது. பத்து கிராம் உங்களுக்கு. மீதி ஐம்பது கிராமில் கிராமுக்குச் சுமார் 200 விதை என்றால் 10,000 விதை. அடுக்ககத்தில் நாலு க்ரோபேக் வைத்திருப்பவருக்கு 25 விதை தாராளம். அப்படிப் போட்டால் 400 பாக்கெட். ஒரே கத்தரியில் 400 பாக்கெட்டை ஒரு பட்டத்தில் விற்பது லேசில்லை. அதனால் இரண்டாம் வருடம் செடியைக் கூட்டாமல் இன்னொரு ரகத்தைச் சேருங்கள்.

இருபத்தைந்தை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். ஒரு சின்னக் கரண்டியில் 25-க்குக் குறையாமல் பிடிக்கும் அளவைப் பார்த்து வைத்துக்கொண்டால் வேலை ஓடும். எல்லாவற்றையும் முன்கூட்டியே பாக்கெட் போட்டு அடுக்காதீர்கள். காகித உறை ஐப்பசி ஈரத்தை அப்படியே உறிஞ்சும். விதை பாட்டிலில் இருக்கட்டும், ஆர்டர் வந்த பிறகு உறையில் போட்டுக்கொள்ளலாம். ஒரு பாக்கெட்டை 30 ரூபாய்க்கு விற்றால் தபால் செலவே அதைத் தாண்டும். கத்தரி, வெண்டை, புடலை, அவரை போல ஐந்து பாக்கெட்டாகக் கட்டி விற்றால்தான் இரு பக்கமும் கட்டுப்படியாகும்.

உறையில் இவை இருக்கட்டும்: ‘கோட்டுக் கத்தரி’ என்பது போல ஒரு விவரப் பெயர், எந்த ஊர் விதை, அறுவடை மாதம், முளைப்புத்திறன், சோதித்த தேதி, விதை எண்ணிக்கை. பின்பக்கம் மாடித்தோட்டத்துக்கான குறிப்பு: அரை சென்டிமீட்டர் ஆழத்தில் விதைக்கவும், 30 நாளில் மாற்றி நடவும், தினம் ஐந்தாறு மணி நேரம் நேர்வெயில் வேண்டும். வெயில் விழாத பால்கனிக்காரர் கேட்டால் விதை கொடுக்காமல் இருப்பதே நல்லது.

உரிமம்

2001-ஆம் ஆண்டின் தாவர ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டப்படி உழவர் தன் விளைச்சலை விதையாகச் சேமிக்கலாம், பகிரலாம், விற்கலாம். பாதுகாக்கப்பட்ட ரகத்தை அதன் பெயரை அச்சிட்ட உறையில் போட்டு விற்க மட்டும் கூடாது. அதே சமயம் விதை விற்பனையைத் தொழிலாகச் செய்ய 1983-ஆம் ஆண்டின் விதைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி உரிமம் வேண்டும். பக்கத்து வீட்டுக்கும் திருவிழாக் கடைக்கும் கொடுப்பது வேறு. ஆன்லைனில் தொடர்ந்து விற்கப் போகிறீர்கள் என்றால், முதல் பாக்கெட் போகும் முன்பே மாவட்ட விதை ஆய்வு அலுவலகத்தில் போய்க் கேட்டு விண்ணப்பித்துவிடுங்கள்.

விற்காமல் மீந்ததை மழைக்காலம் முடிந்ததும் தையில் மறுபடி சோதியுங்கள். 70-க்குக் குறையாமல் இருந்தால் புதுத் தேதி போட்டு விற்கலாம். குறைந்திருந்தால் அடர்த்தியாக விதைத்து நாற்றாக வளர்த்து, நாற்றாகவே விற்றுவிடுங்கள்.